புள்ளி தொலைந்த வசனம்

ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் குறும்படத் திரையிடல். சனிக்கிழமை மதியம் படத்தை எடுத்த தம்பி சப்டைட்டில் கோப்பை அனுப்பினார். இருபத்தைந்து நிமிடப் படம், சுமார் நானூறு வசனங்கள். காது கேளாதவர்களும் பார்க்க வேண்டும் என்பதால் தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே எழுத்து போட்டிருந்தார். திரையிடலுக்குப் பிறகு எங்கள் சங்கத்தின் இணையதளத்திலும் படத்தை ஏற்றுவதாகத் திட்டம். கோப்பைத் திறந்தேன். பன்னிரண்டாவது வசனம் இப்படி இருந்தது:

```
12
00:01:07,400 --> 00:01:09,900
à®…à®®à¯à®®à®¾, à®µà®¨à¯à®¤à¯à®Ÿà¯à®Ÿà¯‡à®©à¯
```

போன் போட்டுக் கேட்டேன். "அண்ணே, என் லேப்டாப்புல நல்லாத்தான் தெரிஞ்சுது. வேற ஒருத்தர் ஸ்பெல்லிங் பார்த்துக் குடுத்தாரு, அப்படியே அனுப்பிட்டேன்" என்றார். மூலக் கோப்பு இருக்கிறதா? அதன்மேலேயே சேமித்துவிட்டாராம்.

மேலே இருப்பது எஸ்ஆர்டி வடிவம். வரிசை எண், வசனம் தோன்றும் நேரமும் மறையும் நேரமும், வசனம், ஒரு வெற்று வரி, அவ்வளவுதான். டிவிடியில் படமாகப் பதிந்திருக்கும் சப்டைட்டிலைப் படித்து எழுத்தாக மாற்ற சப்ரிப் என்றொரு மென்பொருள் இருந்தது. அது எழுதிவைத்த வடிவம்தான் உலகமெங்கும் பரவியது. பிரான்சில் எழுதப்பட்ட மென்பொருள் என்பதால் விநாடிக்கும் மில்லிவிநாடிக்கும் நடுவே அந்த நாட்டு வழக்கப்படி காற்புள்ளி விழுந்தது. இந்தக் காற்புள்ளி பின்னால் மறுபடி வரும்.

எஸ்ஆர்டியில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் எழுத்து எந்தக் குறியீட்டு முறையில் எழுதப்பட்டது என்று அந்தக் கோப்பில் எங்கும் குறிப்பு கிடையாது. திறக்கிற மென்பொருள் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். ஊகம் தப்பினால் தமிழ் மேலே கண்டபடி ஆகிவிடும்.

ஏன் இப்படி ஒரே மாதிரி à® à¯ என்று அடுக்கடுக்காக வருகிறது? ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளுக்கு என்று ஒரு தெரு ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த எண்களை யூடிஎஃப்-8 முறையில் கோப்பில் எழுதும்போது ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் ஆகிறது. முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிக்கும் `E0`. இரண்டாவது `AE` அல்லது `AF`. மூன்றாவதுதான் ஆளுக்கு ஆள் மாறும் வீட்டு எண். இதே பைட்டுகளை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய விண்டோஸ்-1252 அட்டவணைப்படி படித்தால் ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து என்று வாசிக்கும். அந்த அட்டவணையில் `E0` என்பது à, `AE` என்பது ®, `AF` என்பது ¯. நம் தெருப்பெயர்தான் திரை முழுக்கத் திரும்பத் திரும்பத் தெரிகிறது. à® என்று பார்த்த உடனே, இது யூடிஎஃப்-8 தமிழ், யாரோ தப்பான கண்ணாடி போட்டுப் படித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

அடுத்து, கண்ணாடி மட்டும் தப்பா, அல்லது தப்பாகப் படித்ததை அப்படியே எழுதியும் வைத்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். முதலாவதானால் வேலையே இல்லை. விஎல்சியில் Preferences போய், Subtitles / OSD பகுதியில் Default encoding என்பதை UTF-8 என்று மாற்றினால் தமிழ் வந்துவிடும். கோப்பைத் தொடவே வேண்டாம். இரண்டாவதானால் கோப்பே கெட்டிருக்கிறது. கண்டுபிடிக்க, பைட்டுகளைக் காட்டும் ஏதாவது ஒரு கருவியில் ஒரு எழுத்தைப் பார்த்தால் போதும். நல்ல கோப்பில் 'அ' மேல் வரியில் உள்ளதுபோல் இருக்கும், கெட்டதில் கீழ் வரிபோல்:

```
E0 AE 85
C3 A0 C2 AE E2 80 A6
```

மூன்று பைட் எழுத்து ஏழு பைட்டாக வீங்கிவிட்டது. à, ®, … என்ற மூன்று அந்நிய எழுத்துகளையும் நிஜ எழுத்துகளாகவே நம்பி, அவற்றை மறுபடி யூடிஎஃப்-8இல் எழுதியதன் விளைவு. பைட் பார்க்கும் கருவி இல்லாதவர்கள் கோப்பின் எடையைப் பார்க்கலாம். நானூறு வசனக் கோப்பு ஐம்பது கேபி சுற்றி இருக்கவேண்டியது. என் கைக்கு வந்தது எண்பதைத் தாண்டியிருந்தது.

இப்படிக் கெட்டதைத் திருப்புவது கொள்கையளவில் எளிது. போன வழியிலேயே திரும்பி நடக்க வேண்டும். ஒவ்வொரு அந்நிய எழுத்தையும் விண்டோஸ்-1252 பைட்டாக ஆக்கி, கிடைத்த பைட் வரிசையை யூடிஎஃப்-8ஆகப் படித்தால் தமிழ். பைத்தானில் இதற்கு நாலு வரி போதும்:

```python
s = open("kettathu.srt", encoding="utf-8-sig").read()

def byte(c):
    try:
        return c.encode("cp1252")
    except UnicodeEncodeError:
        return c.encode("latin-1")

t = b"".join(map(byte, s)).decode("utf-8")
open("nallathu.srt", "w", encoding="utf-8").write(t)
```

நடுவில் `except` என்று ஒரு மாற்றுவழி எதற்கு? விண்டோஸ்-1252 அட்டவணையில் 256 இடங்கள். அவற்றில் ஐந்து காலி: `81`, `8D`, `8F`, `90`, `9D`. எந்த எழுத்தும் அங்கே குடியேறவில்லை. இந்த ஐந்தில் நான்கு தமிழுக்கு வேண்டியவை. `8D` என்பது மெய்யெழுத்தின் புள்ளி. `81` என்பது உகரக் கொம்பு, அதாவது கு, து, பு என்பதில் வரும் ு. `8F` ஏ, `90` ஐ. வேண்டுமென்றே தமிழைக் கெடுக்க யாராவது உட்கார்ந்து யோசித்திருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது. புள்ளியும் உகரமும் இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுதிப் பாருங்கள்.

காலி இடத்துப் பைட்டைச் சந்திக்கும்போது மென்பொருள்கள் ஆளுக்கொரு விதமாக நடந்துகொள்ளும். விண்டோஸ் பெரும்பாலும் அதைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டுப்பாட்டுக் குறியாக வைத்துக்கொள்ளும். அந்தக் குறி உயிரோடு இருக்கும்வரை மேலே உள்ள நிரல் எல்லாவற்றையும் மீட்டுவிடும். அந்த `except` வரி அதற்காகத்தான். ஆனால் நடுவில் யாராவது அந்த உரையை வெட்டி ஒட்டினாலோ, ஏதாவது செயலி 'தெரியாத குறி, வேண்டாத குறி' என்று துடைத்துவிட்டாலோ புள்ளி போச்சு. என் கோப்பில் போயிருந்தது. நிரலை ஓட்டியதும் `invalid continuation byte` என்று நின்றுவிட்டது. மேலே உள்ள பன்னிரண்டாம் வசனத்தில் 'அம்மா' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறி. ஆளுக்கு மூன்று வீதம் பதினைந்து எழுத்து இருக்கவேண்டும். பதினான்குதான் இருக்கிறது.

பழுது என்னவோ பெரிதுதான், ஆனால் எங்கே என்று துல்லியமாகத் தெரிகிறது. à¯ வந்து, மூன்றாவது எழுத்து வராமல் நேரே அடுத்த à வந்துவிட்டாலோ, இடைவெளியோ காற்புள்ளியோ வந்துவிட்டாலோ அங்கே ஒன்று தொலைந்திருக்கிறது. தொலைந்தது புள்ளி அல்லது உகரம், இரண்டில் ஒன்று. à® வந்து அதேபோல் நின்றால் தொலைந்தது ஏ அல்லது ஐ. ஏ, ஐ இரண்டும் சொல்லின் தொடக்கத்தில்தான் வரும், எண்ணிக்கையும் குறைவு, கையாலேயே பார்த்துவிடலாம். புள்ளியா உகரமா என்பதுதான் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும் கேள்வி.

எல்லாவற்றையும் புள்ளி என்று வைத்து நிரப்பினேன். கோப்பைப் படித்த வரிக்குக் கீழே, மாற்றுவதற்கு முன்னால், இந்த வரிகள்:

```python
import re
s = re.sub(r"à¯(?=[à\s,.?!]|$)", "à¯\x8d", s)
s = re.sub(r"à®(?=[à\s,.?!]|$)", "à®\x8f", s)
```

தமிழ் வந்தது. 'அம்மா, வந்த்ட்டேன்.' முக்கால் கிணறு தாண்டியாயிற்று.

மீதிக்குக் கணினியறிவு உதவவில்லை, பள்ளியில் படித்த இலக்கணம் உதவியது. வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது. வாக்கு, காசு, வீடு, வந்து, மரபு, ஆறு என்று குற்றியலுகரம் ஏறித்தான் முடியும். ஆகவே சொல்லின் கடைசியில் ட், ற் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு டு, று என்று மாற்றலாம். க், ச், த், ப் இருந்தால் அடுத்த சொல்லைப் பார்க்க வேண்டும். அடுத்த சொல் அதே எழுத்தில் தொடங்கினால் அது பெரும்பாலும் சந்தி, புள்ளி இருக்கட்டும். 'அதைக் கேள்', 'போய்ச் சேர்' போல. இல்லையென்றால் உகரம். சொல்லின் நடுவே ஒரே எழுத்து இரட்டித்து வந்தாலோ, ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த என்று இனவெழுத்து வந்தாலோ முதலாவதற்குப் புள்ளிதான். அதற்கும் மேல் மூன்று மெய் வரிசையாக நின்றால் ய், ர், ழ் முன்னால் இல்லாதவரை எங்கோ ஒரு உகரம் விடுபட்டிருக்கிறது. 'வந்த்ட்டேன்' என்பதில் ந், த், ட் மூன்றும் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாலே 'து' என்று கை தானாகப் போகும்.

இந்த விதிகளில் சொல்லின் கடைசிக்கு உரியவற்றைத் தேடி மாற்றும் வசதி கொண்டு செய்தேன். மற்றதைப் படித்துத் திருத்தினேன். இரவு பத்தரை மணிக்கு நானூறு வசனமும் படிக்கும்படி இருந்தன.

கெடுவதில் வேறு வகைகளும் உண்டு, அவற்றுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. தமிழ் இருந்த இடத்தில் `?????` என்று கேள்விக்குறி மட்டும் இருந்தால் யாரோ ANSI என்ற தேர்வில் சேமித்திருக்கிறார்கள். தமிழுக்கு இடமில்லாத அட்டவணை என்பதால் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டது. அம்மாவும் தமிழும் இரண்டுமே ஐந்து கேள்விக்குறிதான். அதை எந்த மந்திரவாதியாலும் மீட்க முடியாது, பழைய பிரதியைத் தேடுவதுதான் வழி. விண்டோஸ் நோட்பேட் 2019 வரை ANSI-யைத்தான் இயல்பாக வைத்திருந்தது. விண்டோஸ் 10இன் 1903 பதிப்பு முதல் UTF-8 இயல்பானது. பழைய கணினியில் சேமிக்கும்போது எச்சரிக்கைப் பெட்டி ஒன்று வரும். அதில் சரி என்று தட்டியவர்கள் கோடி.

இன்னொன்று, ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிவது. `jkpo;` என்று இருந்தால் அது பாமினி எழுத்துருவில் தட்டிய 'தமிழ்'. கோப்பில் இருப்பது உண்மையிலேயே j, k, p, o எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் போட்டிருந்தது. பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் எஸ்ஆர்டி கோப்பை முழுசாக அதில் கொட்டிவிடக் கூடாது. பாமினியில் காற்புள்ளி விசை என்பது 'இ'. நேரக்குறிகளில் எல்லாம் இப்படி வந்து நிற்கும்:

```
00:01:07இ400
```

வசன வரிகளை மட்டும் பிரித்து மாற்றி, மறுபடி சேர்க்க வேண்டும். சப்டைட்டில் திருத்தும் மென்பொருள் ஏதாவது ஒன்றில் வசனங்களை மட்டும் உரையாக ஏற்றுமதி செய்து, மாற்றி, திரும்ப உள்ளே கொண்டுவருவது உத்தமம்.

எழுத்துகள் சரியாக இருந்தும் கொம்பு தனியே, கால் தனியே என்று பிரிந்து தெரிந்தால் கோப்பின்மேல் பழி போடாதீர்கள். காட்டுகிற கருவிக்குத் தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டத் தெரியவில்லை என்று அர்த்தம். பென் டிரைவ் செருகிப் பார்க்கும் தொலைக்காட்சிகள் சிலவற்றில் இது நடக்கும். வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தமிழ் எழுத்துருவே இல்லை.

இனி இணையதளத்துக்கான வடிவமாற்றம். உலாவியில் ஓடும் காணொளிக்கு எஸ்ஆர்டி உதவாது, விடிடி வேண்டும். விடிடி வேறு ஏதோ புதுமை இல்லை. 2010இல் வெப்எஸ்ஆர்டி என்ற பெயரில் தொடங்கிப் பின்னால் பெயர் மாறியதுதான். நம் பன்னிரண்டாம் வசனம் அதில் இப்படி இருக்கும்:

```
WEBVTT

12
00:01:07.400 --> 00:01:09.900
அம்மா, வந்துட்டேன்
```

முதல் வரியில் WEBVTT, அடுத்து ஒரு வெற்று வரி, நேரக்குறியில் காற்புள்ளிக்குப் பதில் புள்ளி. வரிசை எண் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. முக்கியமான வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாதது: விடிடி யூடிஎஃப்-8இல்தான் இருந்தாக வேண்டும். உலாவி ஊகிக்காது, கேட்காது, யூடிஎஃப்-8 என்றே படிக்கும். அதனால்தான் எழுத்தைச் சரிசெய்துவிட்டு வடிவத்தை மாற்ற வேண்டும் என்பது. கெட்ட கோப்பை மாற்றினால் கெட்டது அப்படியே நிலைத்துவிடும்.

எஃப்எஃப்எம்பெக் நிறுவியிருந்தால் ஒரே வரி:

```
ffmpeg -i nallathu.srt nallathu.vtt
```

உள்ளே போவது யூடிஎஃப்-8 இல்லையென்றால் `maybe missing -sub_charenc option` என்று முறையிடும். எழுத்து கெட்டிருக்கிறது என்பதற்கு அது ஓர் இலவசச் சோதனை. ஆனால் என் கோப்புபோல் இரட்டையாகக் கெட்டது முறைப்படி சரியான யூடிஎஃப்-8தான் என்பதால், அதைப் பார்த்து வாயைத் திறக்காது.

நிறுவ முடியாதவர்கள் எழுத்துத் திருத்தியிலேயே செய்யலாம். எல்லாக் காற்புள்ளியையும் புள்ளியாக மாற்று என்று தட்டிவிடாதீர்கள். அம்மாவுக்குப் பின்னால் இருக்கும் காற்புள்ளியும் போய், 'அம்மா. வந்துட்டேன்' என்று பிள்ளை மூச்சு வாங்குவான். இரண்டிரண்டு எண்களுக்குப் பின் வருவதை மட்டும் பிடிக்கும் கோவையைக் கொடுங்கள். மேல் வரி தேடுவதற்கு, கீழ் வரி மாற்றுவதற்கு:

```
(\d\d:\d\d:\d\d),(\d\d\d)
$1.$2
```

பிழை செய்தால் உலாவி திட்டாது, அதுதான் தொல்லை. முதல் வரியில் WEBVTT இல்லாவிட்டால் முழுக் கோப்பையும் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். ஒரு நேரக்குறியில் மட்டும் காற்புள்ளி தங்கிவிட்டால் அந்த ஒரு வசனம் வராது, மற்றவை வரும். ஒரே வசனத்தின் இரண்டு வரிகளுக்கு நடுவே தெரியாமல் ஒரு வெற்று வரி விழுந்திருந்தால் இரண்டாம் வரி காணாமல் போகும். வசனத்தில் & குறி இருந்தால் `&amp;` என்றும், < இருந்தால் `&lt;` என்றும் எழுத வேண்டும். பெயர்ப் பலகை, கடைப் பெயர் வரும் வசனங்களில் இதைத் தேடிப் பாருங்கள்.

எதிர்த்திசையில், விடிடியிலிருந்து எஸ்ஆர்டிக்கு வருவது இறக்கத்தில் நடப்பது. விடிடியில் வசனம் திரையில் எங்கே நிற்கவேண்டும், எந்த நிறம், யார் பேசுகிறார் என்றெல்லாம் குறிப்பு வைக்கலாம். எஸ்ஆர்டிக்கு அவை தெரியாது, பெரும்பாலும் உதிர்ந்துபோகும். NOTE, STYLE என்று தொடங்கும் பகுதிகளை நீக்க வேண்டும். விடிடியில் மணியை விட்டுவிட்டு நிமிடம் விநாடி மட்டும் எழுதலாம், எஸ்ஆர்டியில் முன்னால் `00:` சேர்த்தாக வேண்டும். வரிசை எண் இல்லாத இடத்தில் எண் போட வேண்டும். கையால் செய்ய அலுப்பான வேலை, எஃப்எஃப்எம்பெக்கிடம் விட்டுவிடலாம். மாற்றிய பிறகு முதல் வசனத்தையும், நடுவில் ஒன்றையும், கடைசி ஒன்றையும் படத்தோடு ஓட்டிப் பார்த்தால் போதும்.

ஞாயிறு காலை அந்த விடிடியை உலாவியில் ஓட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன். மாலை அரங்கில் ஐம்பது பேர். படம் ஓடியது, எழுத்து அழகாக வந்தது. பதினெட்டாவது நிமிடம். கடைத்தெருக் காட்சி. கதாநாயகனின் அம்மா, ஓடிப்போகும் சின்னவனைப் பார்த்துக் கத்துகிறார், "பாலு, எங்கடா போற?" கீழே திரையில் வந்தது:

```
பால், எங்கடா போற?
```

'ல்' மெல்லத் தமிழ்ச்சொல்லை முடிக்கும், எந்த இலக்கண விதியும் மீறப்படவில்லை, என் கண்ணிலும் படவில்லை. முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். மொத்தம் ஏழு இடத்தில் அந்தப் பையன் பாலாகி இருந்தான், அன்றிரவே மாற்றினேன்.